கால் சுண்டுச் சோறும் மச்சானின் தினையும்

என் கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று ஸ்கேன் பார்த்த டொக்டர் சொன்ன செய்தி, நான் மோட்டர்சைக்கிளில் வீடு வந்து சேருமுன் என் மச்சானுக்குப் போய்விட்டது. மனைவிக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். அவள் தன் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, சொல்லியிருக்கிறாள். கேற்றைத் திறக்கும்போதே அவர் முன்வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று தானியப் பக்கெட்டுகள்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்தவன் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். இருபத்துநாலு வருடமாக நான் இருக்கும் இந்த வீடு அவர் பிறந்து வளர்ந்த வீடு. அதனால் அவர் கதவைத் தட்டி வருவதில்லை. நேரே குசினிக்குப் போவார், சட்டி மூடியைத் திறப்பார், அபிப்பிராயம் சொல்வார்.

"என்ன மச்சான், ஈரலுக்குள்ள நெய் கட்டிட்டாமே?"

"ஓம்."

"சோத்த உடுங்க. வெள்ளச் சோறு நஞ்சு. இந்தா, தினை, சாமை, குரக்கன். இத எவ்வளவும் தின்னலாம், கணக்கே இல்ல. தானா இறங்கும்."

அவர் ஒரு காலத்தில் தொலைபேசிக் கடை வைத்திருந்தார். அது படுத்தது. பிறகு கட்டாரிலிருந்து அத்தர் எடுத்து விற்றார். அதுவும் படுத்தது. இப்போது கல்முனைப் பிரதான வீதியில் பச்சைப் பெயர்ப்பலகையோடு ஓர் இயற்கை உணவுக் கடை. தொலைபேசி விற்ற அதே வாயால் தினை விற்றார். கதை கொஞ்சமும் மாறவில்லை: இது புதிசு, இதில எல்லாம் இருக்கு, இத வாங்காதவன் ஏமாளி. வட்ஸப்பில் முந்நூறு பேர் கொண்ட குழு ஒன்று நடத்தினார். ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஆறு நிமிடக் குரல் பதிவு வரும். நமது முன்னோர் நோயில்லாமல் வாழ்ந்த இரகசியம் பற்றி. அவருடைய முன்னோர் என் மாமனார். அவர் மூன்று வேளையும் சோறு தின்றவர், ஆனால் வயலில் நின்று நாள் முழுதும் வேலை செய்தவர். அந்த இரண்டாவது பாதி எந்தக் குரல் பதிவிலும் வந்ததில்லை.

நான் பாடசாலையில் கணிதம் கற்பிப்பவன். எவ்வளவும் தின்னலாம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் கடிக்கும். கணக்கே இல்லாமல் குறையும் என்றால் அது எந்தக் கணக்கு?

"மச்சான், நூறு கிராம் தினையிலயும் நூறு கிராம் அரிசியிலயும் கிட்டத்தட்ட ஒரே கலோரிதான். பக்கெட்டுக்குப் பின்னால நீங்களே அச்சடிச்சி வெச்சிரிக்கீங்க" என்றேன்.

அவர் பக்கெட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. "கலோரி எல்லாம் வெள்ளக்காரன் கதை" என்றார்.

அவருடைய எடை அப்போது தொண்ணூற்றாறு கிலோ. என்னுடையது தொண்ணூற்றுநாலு. இரண்டு யானைகள் மெலிவதைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் தேத்தண்ணி கொண்டு வந்த என் மனைவி, எழுபத்தெட்டுக் கிலோ, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கதைக்கிறத உட்டுட்டு ஆளுக்கொண்டத் தின்டு பாருங்களன்" என்றாள்.

பந்தயம் கட்டுவது மார்க்கத்தில் ஆகாது. அதனால் இது பந்தயமல்ல, பரீட்சை என்று மச்சான் தீர்ப்புச் சொன்னார். ஆறு கிழமை, ஒன்றரை மாதம். அவர் சிறுதானியம், விரும்பிய அளவு. நான் வெள்ளைச் சோறு, அளந்து. மனைவி, தானும் ஒரு பக்கம் நிற்பதாகச் சொல்லி, தீட்டாத அரிசியை எடுத்துக்கொண்டாள். தோற்றவர் குடும்பத்தார் முன்னால் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறொன்றும் இல்லை. எனக்கு அது போதும். அந்த ஒப்புதலைக் கேட்பதற்காக நான் பட்டினி கிடக்கவும் ஆயத்தமாக இருந்தேன்.

நடுவர் வேண்டும் என்று மனைவி தன் பள்ளிக்கூடத் தோழியைப் பிடித்து வந்தாள். அவர் ஆஸ்பத்திரியில் போசணைக் கிளினிக்கில் வேலை செய்பவர். இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ். மெலிந்த, அவசரப்படாத பெண். வந்து உட்கார்ந்ததும் முதலில் மச்சானின் தினைப் பக்கெட்டை வெட்டிக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்தார்.

"இது நல்லாத் தீட்டினது" என்றார். "பாருங்க, மணி மணியா மினுங்குது. மேல்தோல் போனா நாரும் முக்காவாசி போயிரும். தீட்டின தினைக்கும் தீட்டின அரிசிக்கும் பெரிய வித்தியாசம் ஒண்டும் இல்ல."

"அது இந்தியாவில இருந்து வாற முதலாந்தரம்" என்றார் மச்சான்.

"ஓம், முதலாந்தரமாத்தான் தீட்டியிரிக்காங்க."

எனக்கு மிஸ்ஸை அந்த நிமிடத்திலேயே பிடித்துப்போனது. அடுத்த நிமிடம் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்க ஒரு பகலைக்கு எவ்வளவு அரிசி?"

ஒரு சுண்டு என்றேன். பால்டின் அளவுள்ள அந்தப் பேணியால் அரிசி அளப்பதுதான் எங்கள் வழக்கம். கிட்டத்தட்ட இருநூறு கிராம் வரும். மிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒரு கொப்பித் தாளை எடுத்து என்னிடம் தந்து, "நீங்களே கணக்குப் போடுங்க" என்றார்.

அன்றைக்குத்தான் கிளைசீமிக் சுமை என்பது என்னவென்று விளங்கிக்கொண்டேன். ஒரு மாச்சத்துள்ள உணவு இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்பதற்கு ஓர் எண் உண்டு. தனிக் குளுக்கோசை நூறாக வைத்து மற்றதெல்லாம் அளக்கப்படும். அதுதான் கிளைசீமிக் குறியீடு. ஆனால் அந்த எண் வேகத்தை மட்டும்தான் சொல்லும். சாப்பாட்டுக் கோப்பையில் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லாது. அதற்கு, அந்த எண்ணைக் கோப்பையிலுள்ள மாச்சத்துக் கிராமால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். வருவதுதான் சுமை. ஒரு சாப்பாட்டுக்குள் அது இருபதைத் தாண்டினாலே கூடுதல் என்று சொல்வார்களாம்.

நாங்கள் தின்பது புழுக்கின நாட்டரிசி. அதன் எண் அறுபத்தைந்துபோல என்று வைக்கச் சொன்னார். இனத்துக்கு இனம், அவிக்கும் விதத்துக்கு விதம் மாறும், பச்சை அரிசி என்றால் இன்னும் கூடும் என்றும் சொன்னார். இருநூறு கிராம் அரிசியில் மாச்சத்து நூற்றறுபதுக்குக் கிட்ட. பெருக்கினேன், வகுத்தேன். நூற்றுநாலு. அதை மாணவன் ஒருவன் எழுதிக் காட்டியிருந்தால், பிழை, திரும்பச் செய் என்றிருப்பேன்.

"கால் சுண்டாக் குறைச்சா?" என்று கேட்டேன்.

"இருபத்தாறு. தீட்டாத அரிசி எண்டா அதே அளவுக்கு இருபதுபோல. தோல் போகாத தினை எண்டா பதினேழு, பதினெட்டு. பாத்தீங்களா? நூற்றுநாலுல இருந்து இருபத்தாறுக்கு அளவு இறக்கிச்சி. அதில இருந்து பதினேழுக்கு இறக்கினது தானியம். ரெண்டும் வேணும், ஆனா பெரிய வேலை எது எண்டு சேருக்கு விளங்கும்தானே."

மச்சானுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் எண்ணமும் இருக்கவில்லை. அவர் தொலைபேசியில் மிஸ்ஸையும் பக்கெட்டையும் சேர்த்துப் படம் எடுக்கப் பார்த்தார். மிஸ் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

தீட்டாத அரிசி கடையில் கிடைத்தது, ஆனால் மனைவிக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. நற்பிட்டிமுனையில் எங்கள் நெல் குற்றும் ஆலைக்குப் போனோம். உமியை மட்டும் நீக்கு, தீட்டாதே என்றதும் ஆலைக்காரர் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்.

"தவிட்டோடயா? மாட்டுக்கா சேர்?"

"இல்ல, எனக்கு" என்றாள் மனைவி.

அவர் வாயை மூடிக்கொண்டு குற்றித் தந்தார். ஆனால் ஒரு நல்ல விசயம் சொன்னார். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது, ஒரு மாதத்துக்கு மேல் வைத்தால் காறல் மணம் வரும், கொஞ்சம் கொஞ்சமாக வந்து குற்றிக்கொண்டு போங்கள் என்றார். மச்சானின் முந்நூறு பேர் குழுவில் ஒரு வருடமாகக் கிடைக்காத ஓர் உண்மையை, வெற்றிலை மென்றபடி ஒரு மனிசன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

பரீட்சை தொடங்கியது. எனக்கும் மனைவிக்கும் மிஸ் ஒரே ஒழுங்கு தந்தார். காலையில் முட்டையும் அவித்த கடலையும். பகலைக்குக் கால் சுண்டு, இராவைக்குக் கால் சுண்டு அரிசி. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரைச் சுண்டலும், கால்வாசி மீன், மீதிக் கால்வாசிதான் சோறு. முதலில் கீரையும் மீனும், கடைசியில் சோறு. இரண்டு பேருக்கும் வித்தியாசம் அரிசியில் மட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் மிஸ் வீட்டில் அவருடைய தராசில் மூன்று பேரும் ஏறுவோம். பசிக்கு ஒரு கொப்பி வைக்கச் சொன்னார். சாப்பிட்டு எத்தனை மணித்தியாலத்தில் வயிறு கேட்கிறது என்று எழுத வேண்டும்.

மச்சானுக்கு ஒழுங்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. விடிய இரண்டு பெரிய கோப்பை குரக்கன், அதாவது கேழ்வரகுக் கஞ்சி, தேங்காய்ப்பால் விட்டு, கருப்பட்டி போட்டு. பகலைக்கு ஒரு சட்டி தினைச் சோறு. பின்னேரம் சாமைப் பாயாசம். அதில் முந்திரிகை. இராவைக்குக் குரக்கன் புட்டு, வாழைப்பழத்தோடு. ஒருநாள் அவர் தின்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு கலியாணப் பந்தியே தின்பதை அவர் ஒரு தனி மனிதனாகத் தின்றார். 'நார், நார்' என்று சொல்லிக்கொண்டே கரண்டியால் அள்ளினார்.

முதல் சனிக்கிழமை நான் ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தேன். மனைவி ஒரு கிலோ. மிஸ் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முதல் கிழமை இறங்குவதில் கூடுதல் தண்ணீர் என்றார். மச்சான் தராசில் ஏறினார். ஒன்றே முக்கால் கிலோ குறைவு.

நான் தராசைக் குனிந்து பார்த்தேன். அவர் இறங்கி ஏறினார். அதே எண்.

"கணக்கு சேர், கணக்கு எப்பிடி?" என்றார்.

இரண்டாம் கிழமை அவர் இன்னும் ஒரு கிலோ இறங்கினார். மூன்றாம் கிழமை இன்னும் ஒன்று. நான் அரைக் கிலோ, கால் கிலோ என்று நகர்ந்தேன். என் வாழ்க்கையில் எந்தச் சமன்பாடும் என்னை இப்படி அவமானப்படுத்தியதில்லை. அந்த மனிதன் பாயாசம் தின்று மெலிகிறான். நான் கால் சுண்டுச் சோற்றை எண்ணி எண்ணித் தின்று, மூன்றரை மணிக்கு வயிறு கத்த, பின்னேர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேத்திரகணிதம் சொல்லிக்கொடுக்கிறேன்.

பசிக் கொப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில்தான் நான் முதலில் தோற்றேன். பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் எனக்கு மூன்றரைக்கே வயிறு கேட்கும். மனைவி ஐந்து, ஐந்தரை என்று எழுதினாள். ஒரே அளவு அரிசி, ஒரே மீன், ஒரே கீரை. நான் அவள் கொப்பியைச் சந்தேகப்பட்டேன். பொய் எழுதுகிறாய் என்றும் சொல்லிவிட்டேன்.

"நான் பொய் எழுதல்ல. இந்தச் சோத்த மெல்லவே நேரம் போகுது. நீங்க விழுங்குறீங்க, நான் மெல்லுறன்" என்றாள்.

உண்மைதான். என் சோறு வாயில் கரைந்து போனது. அவளுடையது பல்லோடு நின்று பேசியது. நார் என்பது கொழுப்பை உருக்கும் மருந்தல்ல. வயிற்றில் நின்று, அடுத்த சாப்பாட்டைத் தள்ளிப்போடும் ஒரு சாமான். நாலாம் கிழமை செவ்வாய்க்கிழமை நான் பாடசாலைக் கன்ரீனில் இரண்டு மீன் ரோல்ஸ் தின்றேன். புதன்கிழமையும் தின்றேன். வியாழன் மூன்று. கொப்பியில் எழுதவில்லை. இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் களவாகப் பார்த்தெழுதாதே என்று சொன்னவன் நான். அந்தச் சனிக்கிழமை தராசு நகரவில்லை. மனைவி அரைக் கிலோ இறங்கினாள். மிஸ் என்னைப் பார்த்து, "கன்ரீனா சேர்?" என்று மட்டும் கேட்டார்.

மச்சான் அன்றைக்கு ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தார்.

இதற்குள் ஊர் முழுதும் அவர் கொடி பறந்தது. தன்னுடைய பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கடைக்கு முன்னால் ஆளுயரப் பதாகை கட்டினார். சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஆட்கள் வந்து குரக்கன் மாவு வாங்கிப் போனார்கள். எங்கள் பாடசாலை அதிபரே ஒரு பக்கெட்டோடு அலுவலகத்தில் இருந்தார். "உங்கட மச்சானக் கேட்டு நடக்கலாமே சேர்" என்றார். நான் நடுவரின் தராசைப் பழுது என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அதே தராசில்தான் நானும் ஏறினேன்.

மிஸ் மட்டும் மகிழவில்லை. ஐந்தாம் சனிக்கிழமை மச்சான் தராசிலிருந்து இறங்கியதும் தண்ணீர் கேட்டார். ஒரு போத்தலை நின்ற நிலையில் குடித்து முடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்டார். அவர் போன பிறகு மிஸ் என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்கட காக்கா எப்பவும் இப்பிடியா தண்ணி குடிக்கிற?"

"இப்பதான். கஞ்சிச் சூட்டுக்கு எண்டு சொல்றாரு. கடையில நிக்கவே ஏலாதாம், கால் சோருதாம். கொழுப்புக் கரையிற எண்டா அப்பிடித்தானாமே?"

மிஸ் என்னைப் பார்த்தார். "சேர், நீங்க கணக்கு ஆள். அவர் தின்னுறதக் கூட்டிப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். பொறாமையில் பார்த்திருந்தேன். காலைக் கஞ்சியில் மட்டும் நூறு கிராம் குரக்கன் மாவு. குரக்கனில் நார் அதிகம்தான், தீட்டின அரிசியைப்போல பல மடங்கு இருக்கும். ஆனால் அதை மாவாக அரைத்துக் கஞ்சியாகக் குழைத்தால் சீக்கிரம் செரித்துவிடும். சீனியும் விறுவிறென்று ஏறும். கருப்பட்டியையும் சேர்த்தால் சுமை எழுபதைத் தாண்டியது. ஒரு நாளைக்கு மொத்தக் கலோரி என்னுடையதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

"அப்ப அவர்ட எடை கூட வேணும். குறையிறாரு" என்றார் மிஸ். "கணக்குப் பிழைக்கல்ல சேர். தின்னுறது உடம்புக்குப் போகல்ல. வேற எங்கயோ போகுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து கிழமையாக அந்தக் கூட்டல் கழித்தலை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை பொருந்தவில்லை என்று கோபப்பட்டேனே தவிர, ஏன் பொருந்தவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை. என் அறிவின் இலட்சணம் அவ்வளவுதான்.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா விடுமுறையன்று மிஸ் சீனி பார்க்கும் மெசினோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று பேருக்கும் பார்ப்போம், எந்தத் தானியம் எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரியும்தானே என்றார். அப்படிச் சொன்னதால்தான் மச்சான் விரல் நீட்டினார். கஞ்சி குடித்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. மிஸ் முந்தியே சொல்லி வைத்தபடி நாங்களும் அன்றைக்குக் காலையிலேயே எங்கள் சோற்றைத் தின்று அதே நேரம் ஆகியிருந்தது. மனைவிக்கு நூற்றுப் பதினெட்டு. எனக்கு நூற்று நாற்பத்தொன்று. இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

மச்சானின் விரலில் குத்தினார். மெசின் ஐந்து விநாடி எண்ணியது. முந்நூற்று எழுபத்திரண்டு.

"மெசின் பிழை" என்றார் மச்சான்.

"விரல்ல கருப்பட்டி ஒட்டியிருந்தாலும் கூட்டிக் காட்டும். சவுக்காரம் போட்டுக் கைய நல்லாக் கழுவி, துடைச்சிட்டு வாங்க" என்றார் மிஸ்.

கழுவித் துடைத்துவிட்டு வந்தார். வேறு விரல். முந்நூற்று அறுபத்தாறு.

 மச்சான் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் ஒரு சொல்லும் வராமல் அவரை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். வென்றுவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு துளி சந்தோசம் வந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது நிற்கவில்லை. அவருடைய கன்ன எலும்பு துருத்தியிருந்தது. கைச்சட்டை தோளில் தொங்கியது. ஆறு கிழமையாக ஊர் கைதட்டிய மெலிவு அது.

"இது சிறுதானியம் செய்ததா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல காக்கா" என்றார் மிஸ். "சீனி வருத்தம் உங்களுக்கு முந்தியே இருந்திருக்கும், தெரியாம. சீனி உடம்புக்குள்ள போகாம சிறுநீரோட போகுது. அதுதான் தாகம், அதுதான் மெலிவு. கொழுப்பு மட்டும் இல்ல, தசையும் போயிரிக்கி. குரக்கன் குற்றவாளி இல்ல. ஆனா கோப்பை கோப்பையாக் கருப்பட்டி போட்டுக் குடிச்சது நெருப்புக்கு எண்ணெய் ஊத்தின மாதிரி. எழும்புங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம்."

நான்தான் மோட்டர்சைக்கிளில் கூட்டிப்போனேன். அவர் பின்னால் இருந்தார். பிரதான வீதியில் அவருடைய பதாகையைக் கடந்தபோது முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். கண்ணாடியில் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள், இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். ஊசியும் குளிசையும் தொடங்கினார்கள். இன்னும் இரண்டு மூன்று கிழமை விட்டிருந்தால் கடைக்குள்ளேயே விழுந்திருப்பீர்கள் என்று டொக்டர் சொன்னாராம். வாட்டில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைக் கண்டதும், "உங்களுக்குச் சந்தோசமா மச்சான்?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். பாதி உண்மை. மீதியை அவர் கேட்கவில்லை.

ஆறாம் சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேர்தான் தராசில் ஏறினோம். நான் மூன்று கிலோ குறைந்திருந்தேன். மனைவி மூன்றரை. என்னைவிட பதினாறு கிலோ குறைந்த உடம்போடு தொடங்கியவள் என்னைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தாள். ஒரே அளவு தின்றோம் என்பது என் கொப்பியின் கதை. ரோல்ஸின் கதை வேறு. குடும்பத்தார் முன்னால் யார் தோற்றதாக ஒப்புக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் எழும்ப வேண்டும்.

அதற்குப் பிறகு நானும் அவளுடைய சோற்றுக்கு மாறினேன். வாயால் சொல்லவில்லை, கோப்பையை நீட்டினேன். அவளும் போட்டாள். அரிசியை ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீர் கூட விட்டு, நேரமெடுத்து அவிப்பாள். கிழமையில் ஒருநாள் தோல் போகாத சாமை, ஒருநாள் தடிப்பான குரக்கன் ரொட்டி ஒன்று, மீன் ஆணத்தில் தொட்டு. உண்மையைச் சொன்னால் மூன்றுக்குள்ளும் வயிற்றில் கனகாலம் நிற்பது அந்த ரொட்டிதான். தானியத்தைப் பற்றி மச்சான் சொன்னதில் பிழை இல்லை. அளவிலும் அரைப்பதிலும் கருப்பட்டியிலும்தான் பிழை. அந்த மனிதன் சரியான சாமானைத்தான் பிழையாக விற்றார். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. இப்போது என் எடை எண்பத்தாறு.

மச்சான் தேறிவிட்டார். சீனி கட்டுக்குள் வந்ததும் எடை திரும்ப ஏறியது, அது நல்லதுக்குத்தான் என்று மிஸ் சொன்னார். குளிசை போடுகிறார், ஒழுங்காகக் கிளினிக் போகிறார், கோப்பையை அளக்கிறார். தனிமையில் மிகவும் புத்தியாகக் கதைக்கிறார். கடையில் அப்படியில்லை. பதாகை இன்னும் தொங்குகிறது. அந்தக் கன்னம் ஒட்டிய படத்தை இறக்கச் சொல்லி ஒருநாள் கேட்டேன்.

"குறைஞ்சது உண்மைதானே மச்சான்? நான் பொய் ஒண்டும் போடல்லயே" என்றார்.

சீனி வருத்தக்காரருக்கும் உகந்தது என்று பக்கெட்டில் இப்போது புதிதாக ஒரு வரி ஏறியிருக்கிறது. காலைக் குரல் பதிவும் நிற்கவில்லை. அனுபவத்தில் சொல்கிறேன் என்று தொடங்குகிறார்.

பாடசாலையில் இப்போது ஆட்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். எட்டுக் கிலோ எப்படிக் குறைத்தீர்கள் சேர், என்ன தின்றீர்கள்? நான் உண்மையைச் சொல்கிறேன். சோற்றைக் கால் சுண்டாகக் குறையுங்கள், தீட்டாததாக எடுங்கள், கோப்பையில் பாதி மரக்கறி போடுங்கள், மெதுவாக மெல்லுங்கள், பின்னேரம் கன்ரீன் பக்கம் போகாதீர்கள், ஒரு வருடம் பொறுங்கள். மூன்றாவது வசனத்திலேயே அவர்கள் முகம் சோர்ந்துவிடும். ஓம் சேர், ஓம் சேர் என்று தலையாட்டுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் சரி சேர், உங்கட மச்சான்ட கடை எத்தன மணிக்குத் திறக்கிற?" என்பார்கள்.

ஒன்பது மணிக்கு என்று சொல்லிவிட்டு நான் வகுப்புக்குப் போகிறேன்.